அம்மைக்கு அங்கே போனால்தான் சமாதானம்

உழைப்பவர் தன் உழைப்பிலிருந்தே விலகிப்போவதை மார்க்ஸ் அந்நியமாதல் என்றார். அந்தப் பாடத்துக்கு நான் எப்போதும் அண்டி ஆபீஸை, அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையைத்தான் உதாரணம் சொல்வேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த வாசம் வீட்டிலேயே உண்டு. அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"மிஸ், எங்க அம்மையும் அண்டி ஆபீஸ்லதான். அவளுக்கு அங்க போனாத்தான் சமாதானம். லீவு விட்டாத்தான் சடவு. அப்போ அம்மை அந்நியமாகல்லியா?"

"அது அம்மாவுக்கே தெரியாம இருக்கும்" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

நான் சொன்னது முழுத் தவறில்லை என்று இன்றும் வாதாட முடியும். 1844இல், இருபத்தாறு வயதில், பாரிஸில் மார்க்ஸ் எழுதிய கையெழுத்துப் பிரதிகளில் அந்நியமாதல் என்பது வெறும் மனக்கவலை அல்ல. யார் கையில் எது இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. அவள் அம்மா தோல் உரித்த பருப்பு அவருடையதல்ல. அது தரம் பிரித்து, டின்னில் அடைத்து, எங்கோ போகிறது. எங்கோ விலை விழுந்தால் இங்கே கேட் சாத்தப்படுகிறது. அவர் கையால் குவிந்த பருப்பே நாளைக்கு அவருக்கு வேலை உண்டா என்று தீர்மானிக்கிறது. உழைப்பின் பலன் உழைத்தவருக்கு எதிரே அந்நிய சக்தியாக நிற்கிறது என்று மார்க்ஸ் சொன்னது இதைத்தான். அம்மா சிரித்துக்கொண்டே உரித்தாலும் இது மாறாது.

வேலையும் அப்படித்தான். தொலி ஒட்டிய பருப்பைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்ட வேண்டும். உடைந்தால் அதன் மதிப்பு குறைந்துபோகும். எடைக்குக் கூலி என்பதால் விரல் வேகத்தைக் கூலிதான் நிர்ணயிக்கிறது, அவர் இல்லை. யோசித்துச் செய்யும் திறன்தான் மனிதனை மற்ற உயிர்களிடமிருந்து பிரிக்கிறது என்கிறார் மார்க்ஸ். அது இங்கே வயிற்றுப்பாட்டுக்கான வழியாகச் சுருங்கிவிடுகிறது.

உழைப்பின் பலன், வேலை, மனித இயல்பு என்று மார்க்ஸ் சொல்லும் நான்கு வகை அந்நியமாதலில் மூன்று ஆயிற்று. சரி, நான்காவது? மனிதர் மனிதரிடமிருந்து அந்நியமாவது. இங்கேதான் எனக்கு இடறுகிறது. அந்த அம்மா போவதே பக்கத்தில் உட்காரும் பெண்களுக்காகத்தான் இருக்கும். முதலாளியோடு உள்ள உறவு வேறு, சக தொழிலாளியோடு உள்ள உறவு வேறு என்று பிரித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலைக்கு வெளியேதான் தொழிலாளி தன்னைத் தானாக உணர்கிறான் என்று மார்க்ஸே எழுதியிருக்கிறார். உணர்வைக் கணக்கில் எடுத்தவர் அவர். அப்படியானால் வீட்டில் சடவு, வேலையில் சமாதானம் என்பவரின் வார்த்தையை நான் எப்படித் தள்ளினேன்? ஒருவேளை வீட்டு வேலைதான் அவருக்கு இன்னும் அந்நியமோ? அதையாவது கேட்டிருக்கலாம்.

செமஸ்டர் தேர்வில் அவள் நான்கு வகைகளையும் நான் சொன்ன வரிசையிலேயே எழுதியிருந்தாள். அண்டி ஆபீஸும் இருந்தது. அம்மை இல்லை. பத்துக்கு ஒன்பது போட்டேன்.