வாரக் காசு நோட்டு: பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கான சனிக்கிழமைப் பாடக் குறிப்பு

14 ஜூன் 2025, சனி

திங்களன்று பிளஸ் ஒன் வகுப்பு தொடங்குகிறது. இந்த ஆண்டுப் பாடத்தை ஒரே கணக்கை வைத்து நடத்துவதாக முடிவு. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து பஸ் பாஸில் வரும் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். பள்ளி நாளுக்கு வீட்டில் 20 ரூபாய் தருகிறார்கள், வாரத்துக்கு 100. அது போக நோம்பி நொடிக்கு அப்புச்சியும் மாமனும் கையில் வைப்பது. பிளஸ் டூ முடித்து 2027 ஜூனில் கல்லூரி சேரும்போது விண்ணப்பக் கட்டணம், பை, இரண்டு செட் துணி எல்லாவற்றுக்கும் சேர்த்து அவள் கையில் 5,000 ரூபாய் இருக்க வேண்டும்.

முதல் வாரம் சேமிப்பே வேண்டாம், எழுதினால் போதும். 40 பக்க நோட்டு ஒன்று. இடப்பக்கம் வந்த காசு, வலப்பக்கம் போன காசு. வெள்ளி மாலை பையைக் கவிழ்த்துக் கையில் உள்ளதை எண்ண வேண்டும். கணக்குப்பதிவியலில் வரப்போகிற ரொக்க ஏடுதான் இது. பாடம் வரும் முன்னாலேயே கைக்குப் பழகிவிடும்.

21 ஜூன், சனி

முதல் வாரக் கணக்கு. வந்தது 100. எழுதியிருப்பது: முட்டை பப்ஸ் இரண்டு 40, தேன்மிட்டாய் 6, ஜெராக்ஸ் 14, பேனா 10. மொத்தம் 70. கையில் 30 இருக்க வேண்டும். எண்ணினால் 12.

பாடம் முழுக்க அந்த 18 ரூபாயில்தான் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில் 'தீனி 18' என்று ஒரு வரி எழுதிக் கணக்கை நேராக்கிவிடுவார்கள். அப்படி எழுதியதும் நோட்டு உபயோகமில்லாமல் போய்விடுகிறது. விட்டுப்போனதை 'தெரியவில்லை 18' என்றே எழுதி வட்டமிட வேண்டும். பிறகு கிழமை கிழமையாக யோசித்தால் பாதிக்கு மேல் கிடைத்துவிடும். இந்தக் கணக்கில் செவ்வாய்க்கிழமை பள்ளி வாசலில் வாங்கிய மாங்காய் 10, தோழிக்காகக் கொடுத்த ஜெராக்ஸ் காசு 8. இரண்டையுமே செலவு என்று மனசு எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்று சின்னது, இன்னொன்று அடுத்தவருக்குப் போனது.

காரணம் எளிது. வெள்ளிக்கிழமை மொத்தமாக உட்கார்ந்து எழுதினால் 20 ரூபாய்ச் செலவு நினைவில் நிற்கும், 5 ரூபாயும் 10 ரூபாயும் நிற்காது. அதனால் எழுதும் நேரத்தை ஒரு வேலையோடு கட்டிவிட வேண்டும். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும் பத்து நிமிடம் அதற்குத் தோதானது. வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்றால் இரண்டு நாளில் விட்டுப்போகும்.

வட்டத்துக்குள் விழும் தொகை மூன்றாவது வாரத்தில் 5 ரூபாய்க்குக் கீழே வந்தால் நோட்டு சரியாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

28 ஜூன், சனி

நாள் காசை வாரக் காசாக மாற்றும் வாரம். தினம் 20 வந்தால் 20ம் போய்விடும், மிச்சம் பிடிக்க அதில் இடமில்லை. ஆனால் 'திங்கட்கிழமை 100 கொடுங்க' என்று கேட்டால் பல வீடுகளில் நடக்காது. நம் பக்கத்தில் வீட்டுக்குள் பணம் வரும் நாள் வேறு வேறு. பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் போகிற வீட்டில் சனிக்கிழமைச் சம்பளம். மாடு வைத்திருக்கும் வீட்டில் சொசைட்டி பால் காசு பட்டுவாடா ஆகும் நாள். வாரக் காசை அந்த நாளில் கேட்க வேண்டும். பால் காசு வருவதற்கு முந்தின நாள் கேட்டுவிட்டு, தரவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

முழு 100 கையில் வந்ததும் செவ்வாய்க்குள் தீர்ந்துபோவது முதல் இரண்டு வாரம் சகஜம். அந்த இரண்டு வாரமும் அம்மாவிடமே பாதியைக் கொடுத்து வைத்து வியாழக்கிழமை வாங்கிக்கொள்ளலாம்.

5 ஜூலை, சனி

இன்றிலிருந்து சேமிப்பு. காசு கைக்கு வந்த நிமிடத்திலேயே 30 ரூபாய் தனி டப்பாவுக்குப் போகிறது. மிச்சம் 70தான் வாரக் காசு.

ஏன் 30? நோட்டைப் பார்த்தால் ஜெராக்ஸ், பேனா இரண்டும் குறையாது. தீனி, மாங்காயோடு சேர்த்து 56. அதில் ஒரு பப்ஸும் மாங்காயும் நின்றாலே 30 வந்துவிடும். நோட்டைப் பார்க்காமல் 'பாதியை எடுத்து வைக்கிறேன்' என்று 50 போட்டால் வியாழக்கிழமை ஜெராக்ஸுக்கு டப்பாவைத் திறக்க வேண்டி வரும். அவசியத்துக்காக ஒரு தடவை திறந்த டப்பா, அடுத்த வாரம் அவசியமில்லாமலும் திறக்கும். நான்கு வாரத்தில் இரண்டு முறை அவசியச் செலவுக்காகத் திறந்திருந்தால் தொகை அதிகம் என்று அர்த்தம், 20 ஆக்குங்கள். 20ஐத் திறக்காமல் வைப்பது 50ஐ வைத்து எடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

கைமாத்துக் கொடுப்பதானால் 70க்குள் இருந்து கொடுக்க வேண்டும், டப்பாவிலிருந்து கூடாது. அதற்கு நோட்டின் கடைசிப் பக்கம்.

2 ஆகஸ்டு, சனி

டப்பாவில் ஐந்து வாரம், 150 ரூபாய். நாளை ஆடிப்பெருக்கு. பவானி கூடுதுறைக்குப் போகிறவர்கள் போவார்கள், அப்புச்சி வீட்டுக்குப் போகிற பிள்ளைகளின் கையில் 500 ரூபாய் ஏறும். நோட்டில் அதிகம் தப்புவது இந்தக் காசுதான். 'அது அப்புச்சி குடுத்ததுங்க, கணக்குல வராதுங்க' என்று எல்லா ஆண்டும் யாராவது சொல்வார்கள்.

வாரக் காசை மட்டும் பார்ப்போம். 2025 ஜூலையிலிருந்து பிளஸ் டூ முடியும் வரை பள்ளி நடக்கும் வாரங்கள் சுமார் 75. வாரம் 30 என்றால் 2,250. 5,000க்குப் பாதிகூட இல்லை. நோம்பிக் காசைப் பார்ப்போம். ஆடிக்கு 500, தீபாவளிக்கு 1,000, பொங்கலுக்கு 500, ஊர் மாரியம்மன் நோம்பிக்கு 500. ஆண்டுக்கு 2,500, இரண்டு ஆண்டுக்கு 5,000. பாதியை வைத்தால் 2,500. இரண்டும் சேர்ந்து 4,750. எட்டவில்லை. பத்தில் ஏழு பங்கு வைத்தால் 3,500; மொத்தம் 5,750.

ஆக, 500 வந்தால் 350 டப்பாவுக்கு, 150 கைக்கு. கைக்கு வந்த 150ஐ நோம்பியன்றே தாராளமாகச் செலவு செய்யலாம். ராட்டினமும் பொரிகடலையும் இல்லாமல் என்ன நோம்பி! முழுவதையும் பூட்டி வைக்கச் சொன்னால் பிள்ளைகள் கொடுத்த தொகையையே குறைத்துச் சொல்லத் தொடங்குவார்கள், நோட்டு பொய்யாகிவிடும்.

5 ஆகஸ்டு, செவ்வாய்

150ம் 350ம் சேர்ந்து 500. அஞ்சலகச் சேமிப்புக் கணக்குத் தொடங்கக் குறைந்தபட்சம் இந்த 500 வேண்டும். 10 வயது கடந்தவர்கள் தங்கள் பெயரிலேயே தொடங்கித் தாங்களே நடத்தலாம். வங்கியிலும் அப்படியே. ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, 10 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தனியாகக் கணக்கு நடத்த வங்கிகள் விடலாம். எவ்வளவு தொகை வரை என்பதை அந்தந்த வங்கி வகுத்துக்கொள்ளும். போகும்போது ஆதாரும் போட்டோவும் வேண்டும்.

மூன்று விஷயத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். அஞ்சலகக் கணக்கில் 500 ரூபாய் எப்போதும் இருக்க வேண்டும், அதை எடுக்க முடியாது. எனவே 5,000 எடுக்க வேண்டும் என்றால் சேர வேண்டியது 5,500. மேலே 5,750 என்று கணக்குப் போட்டது இதற்காகத்தான்.

இரண்டாவது வட்டி. ஆண்டுக்கு 4 சதவீதம். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் கிடைக்கும். 11ஆம் தேதி போட்ட காசுக்கு அந்த மாத வட்டி இல்லை. 25ஆம் தேதி எடுத்தாலும் எடுத்த தொகைக்கு அந்த மாதம் போச்சு. அதனால் டப்பாவை எந்த மாதம் கட்டினாலும் 10ஆம் தேதிக்குள் கொண்டுபோய்க் கட்டுவது. வட்டி பெரிதாக வராது, 2,000 ரூபாய்க்கு வருடம் 80தான். காசு கைக்கெட்டாத தூரத்தில் இருப்பதுதான் இந்தக் கணக்கால் கிடைக்கும் பெரிய லாபம்.

மூன்றாவது, கேட்ட கேள்விக்குப் பதில். 'ஆர்.டி.யில 6.7 சதவீதம் தர்றாங்களே, அதுல போடலாமுங்களா?' அஞ்சலக ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், 60 மாதம் கட்டினால் 6,000க்குச் சுமார் 7,137 கிடைக்கும். நல்ல திட்டம். ஆனால் இந்தப் பிள்ளைக்கு 2027 ஜூனில் பணம் வேண்டும், அதற்குள் 23 தவணைதான் ஆகியிருக்கும். மூன்று வருடம் முடியாமல் ஆர்.டி.யை மூட முடியாது. கடனாக எடுத்தாலும் கட்டியதில் பாதிதான் கிடைக்கும். மூன்று வருடத்துக்குப் பின், ஐந்து வருடத்துக்குள் மூடினால் சேமிப்புக் கணக்கு வட்டிதான். அதிக வட்டியைப் பார்த்து ஆர்.டி. போட்ட பிள்ளை, கல்லூரி சேரும் நாளில் வெளியே கைமாத்துக் கேட்க வேண்டியிருக்கும். பணம் எந்த மாதம் வேண்டும் என்று முதலில் பாருங்கள், வட்டியை அதற்கப்புறம் பார்க்கலாம்.

25 அக்டோபர், சனி

தீபாவளி முடிந்த வாரம். 1,000 வந்ததில் 700 டப்பாவுக்கு. ஆகஸ்டுக்குப் பின், காலாண்டு விடுமுறை போக, பத்து வாரம் 300. இந்த 1,000ஐ நவம்பர் 10க்குள் கட்டினால் பாஸ்புக்கில் 1,500. அதன்பிறகு எதுவுமே போடாவிட்டாலும் மார்ச் கடைசியில் வட்டியாக 30 ரூபாய்க்கு அருகில் ஏறும்.

அடுத்த தீபாவளிக்கான பண்டுச் சீட்டுக்கு இந்த வாரமே ஆள் சேர்ப்பார்கள். வாரம் 50, வருடக் கடைசியில் பலகாரம், பட்டாசு, கொஞ்சம் வெள்ளி. பிள்ளைகள் தங்கள் பெயரில் சேர வேண்டாம். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. அச்சடித்த அட்டையும் கையெழுத்தும் தவிர கையில் வேறொன்றும் இருக்காது. வீட்டில் பெரியவர்கள் போட்டால் சீட்டு பதிவானதா என்று கேளுங்கள்; 1982ஆம் ஆண்டுச் சிட் பண்டு சட்டத்தின்படி பதிவு வேண்டும். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகளில் பணம் போட்டவர்கள் பட்ட பாட்டை நம் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

8 நவம்பர், சனி

பாஸ்புக் பதியும் நாள். பணம் கட்டியதும் கவுன்டரை விட்டு நகரும் முன் பார்க்க வேண்டியது: தேதி, கட்டிய தொகை, இருப்பு. நோட்டின் தொகையும் பாஸ்புக் தொகையும் ஒத்துப்போக வேண்டும். பதியவில்லை என்றால் அங்கேயே நின்று பதியச் சொல்லி வாங்க வேண்டும்.

18 வயது நிரம்பிய பிறகு மைனர் கணக்கு அப்படியே ஓடாது. புதிய கையெழுத்து மாதிரியும் அடையாளச் சான்றும் கொடுத்து மாற்ற வேண்டும். பலருக்கு இது கல்லூரி முதல் ஆண்டில் வரும், சிலருக்குப் பிளஸ் டூ தேர்வு மாதத்திலேயே. பிறந்த தேதியைப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி, பக்கத்தில் '18' என்று வட்டமிட்டு வைக்கச் சொன்னோம்.