உச்ச நல்லெண்ணம்: மாதிரித் தேர்வில் நான் தப்பாகக் குறித்த ஒரு கேள்வி

காப்பீட்டுத் தேர்வுக்குப் படித்தபோது 'அட்மோஸ்ட் குட் ஃபெய்த்' பாடத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். உச்ச நல்லெண்ணம், அதாவது பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். அப்புறம் மாதிரித் தேர்வில் இந்தக் கேள்வி வந்தது.

ஒருவர் திங்கட்கிழமை ஆயுள் காப்பீட்டுக்கு முன்மொழிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கிறார். எல்லாப் பதிலும் உண்மை. வியாழக்கிழமை மார்பு வலி வருகிறது, மருத்துவர் இதயத்தில் அடைப்பு இருக்கலாம் என்று சந்தேகப்பட்டுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கிறார். நிறுவனத்துக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த திங்கள் முன்மொழிவு ஏற்கப்படுகிறது. அவர் கடமை தவறினாரா?

எழுதிய அன்று எல்லாம் உண்மைதானே என்று 'இல்லை' எனக் குறித்தேன். தப்பு. எங்கே தவறினேன் என்று தேடிப் போனபோதுதான் பாடமே புரிந்தது, அதனால் அந்த வழியிலேயே சொல்கிறேன்.

முதலில் சாதாரண விற்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பைக் ஒன்றை வாங்கப் போகிறீர்கள். விற்பவர் பொய் சொல்லக் கூடாது, ஆனால் நீங்கள் கேட்காத குறையை அவராக முன்வந்து சொல்ல வேண்டும் என்று பொதுவாகச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஏனென்றால் பைக் உங்கள் கண்முன்னே நிற்கிறது. ஓட்டிப் பார்க்கலாம், மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டலாம். காப்பீட்டில் விற்கப்படுவது உங்களுக்கு வரக்கூடிய ஆபத்தை ஏற்றுக்கொள்ளும் வாக்குறுதி. அந்த ஆபத்தைப் பற்றிய தகவல் முழுக்க உங்களிடம்தான் இருக்கிறது. போன வருடம் மயங்கி விழுந்தது, இரவில் போடும் மாத்திரை, வீட்டின் பின்னறையில் அடுக்கியிருக்கும் தின்னர் டப்பாக்கள், இவற்றை எதிரில் உட்கார்ந்திருப்பவர் எப்படிப் பார்ப்பார்? அதனால் இங்கே பொய் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் மரபான விதி. 'உச்ச' என்ற சொல் அதற்குத்தான்.

சரி, எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. முக்கியத் தகவலை, அதாவது 'மெட்டீரியல் ஃபேக்ட்' எதுவோ அதை மட்டும் சொன்னால் போதும். விவேகமான ஒரு காப்பீட்டாளர் இந்த ஆபத்தை ஏற்பதா, ஏற்றால் எவ்வளவு பிரீமியம் கேட்பது என்று முடிவெடுக்கும்போது அந்தத் தகவலைக் கணக்கில் எடுப்பாரா என்பதே அளவுகோல். உங்களுக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றுகிறதா என்பது அளவுகோல் அல்ல, பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். வீட்டுக்குத் தீக் காப்பீடு எடுக்கும்போது சுவரின் நிறம் தேவையில்லை, பின்னறைத் தின்னர் கட்டாயம் தேவை. தீயணைப்புக் கருவி வைத்திருப்பதைச் சொல்லாமல் விட்டால்? அது மீறல் ஆகாது. ஆபத்தைக் குறைக்கும் தகவலைச் சொல்லாமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஊரறிந்த விஷயத்தையும், காப்பீட்டாளருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தையும் சொல்லாமல் விட்டாலும் மீறல் ஆகாது. படிவத்தில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டு, அதைப் பார்த்தும் நிறுவனம் மேற்கொண்டு கேட்காமல் பாலிசி கொடுத்தால், அந்தத் தகவலை அது வேண்டாமென்று விட்டதாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

உங்களுக்கே தெரியாததையும் சொல்ல முடியாது. 1908இல் ஜோயல் என்ற இங்கிலாந்து வழக்கில் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. உடம்புக்குள் கட்டி வளர்வது தெரியாமல் 'எனக்கு நோய் இல்லை' என்று நம்பி இருந்தவர் எதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: படிவத்தின் அடியில் 'இந்தப் பதில்கள் எல்லாம் உண்மை என்று உத்தரவாதம் தருகிறேன், இதுவே ஒப்பந்தத்தின் அடிப்படை' என்பது போன்ற வரி இருந்தால் கதை மாறிவிடும், தெரியாமல் சொன்ன தவறும் உங்கள் தலையில் விழலாம். தேர்வில் அப்படி ஒரு வரி கேள்விக்குள் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது என்னை ரொம்பவும் பாதித்த வழக்கு. இங்கிலாந்தில் ஒரு பெண் தன்னுடைய, கணவருடைய நகைகளுக்குக் காப்பீடு எடுத்து வருடாவருடம் புதுப்பித்து வந்தார். இடையில் கணவர் ஒரு குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். அடுத்த புதுப்பித்தலின்போது அந்தப் பெண் அதைச் சொல்லவில்லை, நிறுவனமும் கேட்கவில்லை. பிறகு நகைகள் தொலைந்தன, கிளெய்ம் சுமார் 311 பவுண்டுதான். தொலைந்ததற்கும் கணவரின் குற்றத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. லாம்பர்ட் வழக்கு என்று பாடநூல்களில் வருவது இதுதான். இழப்புக்கும் மறைத்த தகவலுக்கும் தொடர்பு இல்லையே என்ற வாதம் மரபான விதியில் செல்லாது, ஏனென்றால் கேடு நடந்தது ஒப்பந்தம் செய்த அன்றே. அந்தத் தகவல் தெரிந்திருந்தால் அந்த விலைக்கு அந்தப் பாலிசியே வந்திருக்காது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அந்தப் பெண்ணின் இடத்தில் யார் இருந்தாலும் அது சொல்லவேண்டிய விஷயம் என்று தோன்றியிருக்காது. பிரிட்டனே பின்னால் 2012 சட்டத்தில் தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு இந்தச் சுமையைக் குறைத்து, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்துடன் பதில் சொன்னால் போதும் என்று மாற்றியது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், ஆகவே உங்கள் தேர்வு மரபான கோட்பாட்டைக் கேட்கிறதா, நடப்புச் சட்டத்தைக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள்.

லாம்பர்ட் வழக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. கடமை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது. ஒப்பந்தம் முடிவாகும் நொடிவரை அது உயிரோடு இருக்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் முடிந்துவிடுவதில்லை. திங்கட்கிழமைக் கேள்வியில் நான் தவறியது இதில்தான். வியாழக்கிழமைத் தகவல் ஏற்புக்கு முன்னால் வந்தது, ஆகவே அன்றே நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அதே மார்பு வலி ஏற்புக்கு அடுத்த வாரம் வந்திருந்தால், பாலிசியில் தனி நிபந்தனை எதுவும் இல்லாதவரை, சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வீடு, வாகனக் காப்பீடு பொதுவாக ஒவ்வொரு புதுப்பித்தலிலும் புது ஒப்பந்தம் ஆவதால் கடமை அப்போது மறுபடி எழுகிறது. நீண்டகால ஆயுள் பாலிசியில் வருடாவருடம் பிரீமியம் கட்டுவது புதுப்பித்தல் அல்ல, அதனால் அங்கே எழுவதில்லை. ஆனால் பாலிசி காலாவதியாகி அதை மறுபடி உயிர்ப்பிக்கப் போனால் உடல்நிலை பற்றி மீண்டும் சொல்ல வேண்டிவரும்.

இந்தக் கடமை வாடிக்கையாளருக்கு மட்டும்தான் என்று பலர் எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். இரு தரப்புக்கும் உண்டு. 1766இல் கார்ட்டர் எதிர் போம் வழக்கில் இங்கிலாந்து நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு இந்தக் கோட்பாட்டை விளக்கியபோதே அதைச் சொல்லிவிட்டார். ஒரு கப்பல் பத்திரமாகக் கரைசேர்ந்துவிட்டது என்று தனக்கு மட்டும் ரகசியமாகத் தெரிந்துகொண்டு, அந்தப் பயணத்துக்கே காப்பீட்டாளர் பிரீமியம் வாங்கினால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது அவர் தந்த உதாரணம். வழக்கு சுமத்ராவில் இருந்த மார்ல்பரோ கோட்டை பற்றியது. கோட்டை எதிரியிடம் வீழ்ந்தால் இழப்பீடு என்று ஆளுநர் கார்ட்டருக்காக லண்டனில் பாலிசி எடுக்கப்பட்டது, பிரெஞ்சுக்காரர்கள் அதை 1760இல் பிடித்துவிட்டார்கள். கோட்டையின் பலவீனத்தைக் கார்ட்டர் மறைத்துவிட்டார் என்று காப்பீட்டாளர் போம் வாதிட்டார். அதெல்லாம் காப்பீட்டாளருக்கே தெரிந்திருக்கும் அல்லது விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்லி, தீர்ப்பு கார்ட்டருக்குச் சாதகமாகவே வந்தது.