பொடுகு என்று வந்து சேரும் செதில்கள்

நாகர்கோவிலில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பணிபுரியும் எனக்கு, தோல் மருத்துவர்கள் பூஞ்சைப் பரிசோதனைக்காக அனுப்பும் நோயாளிகளின் தலையிலிருந்து மாதிரி எடுப்பது அன்றாட வேலை. அரிப்பும் வெள்ளைச் செதிலும் உள்ள எவரும் தமக்குப் பொடுகு என்றே சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அவர்களில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் மாதிரியைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பாட்டி அவளை அழைத்து வந்திருந்தார். பல மாதங்களாகப் பொடுகு ஷாம்பு போட்டும் அரிப்பு நிற்கவில்லை. வேறொரு கூடத்தில் எடுத்த அறிக்கையில் பூஞ்சை இல்லை என்று எழுதியிருந்தது. ஆயினும் மருத்துவர், முடியையும் சேர்த்துப் பார்க்கும்படி சீட்டில் குறித்து அனுப்பியிருந்தார். தலை முழுக்கத் தேங்காய் எண்ணெய் மின்னியதால், சாதாரண ஷாம்புவால் கழுவி எண்ணெய் வைக்காமல் மறுநாள் வரச் சொன்னேன். "எண்ணெ தேய்க்காம எப்பிடி மக்ளே பள்ளிக்கூடத்துக்கு விடுவேன்?" என்று பாட்டி தயங்கினார்.

எண்ணெயைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டால், தோல் செல்கள் கரைந்து தெளியும். பூஞ்சையின் சுவர் எளிதில் கரையாமல் நிற்கும். ஆனால் எண்ணெய்த் துளிகளும் அங்கே உருண்டையாக, பளபளப்பாக, பூஞ்சை வித்துகளைப் போலவே தெரிந்து ஏமாற்றும். நம் மாவட்டத்துத் தலைகளில் எண்ணெய் இல்லாத மாதிரி கிடைப்பதே அரிது என்பதால், இந்தக் குழப்பம் எங்களுக்குச் சற்று அதிகம்.

மறுநாள் அவளுடைய முடியை வகிர்ந்தபோது, உச்சிக்குப் பின்னால் ரூபாய் நாணயம் அளவுக்குச் சாம்பல் நிறச் செதில் திட்டு இருந்தது. அதற்குள் முடிகள் தோலோடு ஒட்டி முறிந்து கரும்புள்ளிகளாக நின்றன. பொடுகில் முடி இப்படி முறிவதில்லை. பொடுகோ தலை முழுக்கப் பரவலாகச் செதிலாய் உதிரும். புருவத்திலும் மூக்கோரத்திலும் எண்ணெய்ப் பிசுக்கான மஞ்சள் செதிலாகக்கூடக் காணப்படும். அதற்குத் தொடர்புடைய மலசீசியா என்ற ஈஸ்ட் எல்லோர் தலையிலும் வாழ்வதுதான். சருமத்தின் எண்ணெயைத் தின்று அது விடும் கொழுப்பு அமிலங்கள் சிலருக்குத் தோலை உறுத்துகின்றன. ஆகவே தகட்டில் அந்த ஈஸ்ட் தெரிந்தாலும் அது மட்டும் நோய்க்குச் சான்று ஆகாது.

செதிலை மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுத்தபின், முறிந்த முடித்துண்டுகளையும் இடுக்கியால் பிடுங்கி, கரைசலில் அரைமணி நேரம் ஊறவிட்டேன். செதிலில் எதுவும் தெளிவாகத் தென்படவில்லை. முடிக்குள்ளோ மணிகளை அடைத்ததுபோல் வித்துகள் நிறைந்திருந்தன. இப்படி உள்ளே நிறையும் வகை டிரைக்கோஃபைட்டன் பூஞ்சைகளால் வருவது. இவற்றில் பெரும்பாலானவை புறஊதா விளக்கின் கீழ் பச்சையாக ஒளிர்வதில்லை என்பதால், விளக்கில் ஒன்றும் தெரியாததை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. முதல் அறிக்கையில் செதில் மட்டுமே பார்க்கப்பட்டிருந்தது. முடிக்குள் இருக்கும் பூஞ்சைக்கு அது போதுமான மாதிரி அல்ல என்பது என் கருத்து.

பூஞ்சை முடிவேர் வரை இறங்கியிருப்பதால் ஷாம்புவும் களிம்பும் அதை எட்டுவதில்லை. வாய்வழி மருந்துதான் வேண்டும். மருத்துவர் அவளுக்கு கிரிசியோஃபல்வின் எழுதினார். கொழுப்புள்ள உணவோடு எடுத்தால்தான் அது நன்றாக உட்கிரகிக்கப்படும். வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரம் வரை தொடர வேண்டியிருக்கும். கீட்டோகோனசோல் ஷாம்புவும் கொடுக்கப்பட்டது, ஆனால் அது வித்துகள் மற்றவர்க்குப் பரவுவதைக் குறைக்க மட்டுமே. ஒரே சீப்பைப் பயன்படுத்திய அவளுடைய தம்பியையும் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார்.

சொரியாசிஸ் நோயாளிகளும் இதே பொடுகுப் பெயரோடுதான் வருவார்கள். அவர்களின் செதில் வெள்ளிபோல் தடித்து, விளிம்பு தெளிவாக வரையறுக்கப்பட்டு, பெரும்பாலும் முடியெல்லையைத் தாண்டி நெற்றிக்கோ காதுக்குப் பின்னாலோ நீளும். முழங்கையிலும் முழங்காலிலும் அதே திட்டு இருக்கிறதா, நகத்தில் சிறு குழிகள் உண்டா என்று மருத்துவர் தேடுவார். அது தடுப்பாற்றல் சார்ந்த அழற்சி, யாருக்கும் தொற்றாது. எங்கள் தகட்டில் பூஞ்சை இல்லாதபோது சொரியாசிஸ் என்று அறிக்கை எழுத எங்களுக்கு உரிமையில்லை. பூஞ்சை தென்படவில்லை என்று மட்டுமே எழுதுவோம். ஆனாலும் அந்த ஒரு வரி பயனற்றதல்ல: சொரியாசிஸுக்குத் தரும் ஸ்டீராய்டு திரவத்தைப் பூஞ்சையின் மேல் தடவினால், சிவப்பும் அரிப்பும் அடங்கி நோய் ஆறுவதுபோல் தோன்றும், உள்ளே பூஞ்சையோ பரவிக்கொண்டிருக்கும்.

சிகிச்சையின் முடிவில் சிறுமியை மறுபடி அனுப்பியிருந்தார்கள். திட்டில் புது முடி முளைத்திருந்தது. அந்தப் புது முடியிலும் பூஞ்சை இல்லை என்று பார்த்த பிறகே மருந்தை நிறுத்தச் சொன்னார் மருத்துவர்.