நள்ளிரவுப் பரோட்டாவிலிருந்து பத்தே முக்கால் மணிச் சோற்றுக்கு

சென்னையில் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் மூன்று ஆண்டுகளாக உணவு டெலிவரி வேலை பார்க்கிறேன். காலை பதினொன்றரைக்கு வண்டியை எடுத்தால் வீடு திரும்ப நள்ளிரவு ஆகிவிடும். வேலையில் சேர்ந்தபோது 75 கிலோ இருந்த நான் சென்ற தை மாதம் 86 கிலோவில் நின்றேன். உயரம் 168 சென்டிமீட்டர், வயது 34, தொப்புள் மட்டத்தில் அளந்த இடுப்புச் சுற்றளவு 101 சென்டிமீட்டர். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரை 112 என்று வந்ததும், "இது இன்னும் நீரிழிவு ஆகவில்லை, ஆனால் அதன் வாசற்படி, இடுப்பை 90க்குக் கொண்டுவரப் பாருங்கள்" என்று மருத்துவர் சொன்னார்.

ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் உழைக்கும் எனக்கு எப்படித் தொப்பை போடும் என்பதுதான் என் முதல் கேள்வி. அதற்கு அவர் சொன்ன பதில் என்னைச் சற்றுச் சங்கடப்படுத்தியது. பைக் ஓட்டுவதில் களைப்பு உண்டு, முதுகு வலி உண்டு, வெயிலில் தலை காயும். ஆனால் தசைகள் செய்யும் வேலை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருடைய வேலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். களைப்பை வைத்துக் கலோரியைக் கணக்கிடக் கூடாது என்றார். என் உடலுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2500 கலோரி போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். என் மச்சான் கட்டட வேலையில் மணல் சுமந்து மாடி ஏறுகிறவர். அவருக்கும் எனக்கும் ஒரே அளவுச் சோறு என்று நான் நினைத்திருந்தது அன்றோடு முடிந்தது.

மருத்துவர் கேட்டபடி ஏழு நாள், வாயில் போட்டதையெல்லாம் கைபேசியில் நேரத்தோடு குறித்துவைத்தேன். வேலை மும்முரமாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமையின் குறிப்பு இது: காலை ஒன்பதுக்கு வீட்டில் டீ மட்டும், பன்னிரண்டரைக்கு உணவகத்தின் வாசலில் பார்சலுக்குக் காத்திருந்தபோது டீயும் வடையும், இரண்டேகாலுக்கு மறுபடி டீ, நான்கு மணிக்குப் பசி தாங்காமல் ஒரு முழு பிரியாணி, ஆறரைக்கு டீயும் இரண்டு வாழைக்காய் பஜ்ஜியும், ஒன்பதுக்கு இன்னொரு டீ, பதினொன்று ஐம்பதுக்கு வேலை முடித்து நான்கு பரோட்டா, இரண்டு தடவை ஊற்றிய சால்னா, ஒரு ஆம்லெட். வெறும் பரோட்டா ஒன்றே 250 முதல் 300 கலோரி வரும். அன்றைய கூட்டல் 3000ஐத் தாண்டியது. ஆர்டர் மந்தமாக இருந்து வீட்டில் சாப்பிட்ட நாள்களில் 2200, 2300தான். வாரச் சராசரி 2600ஐ ஒட்டி வந்தது.

அதாவது தேவையைவிட நாளொன்றுக்கு நூறு கலோரிதான் மிகை. இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட ஒரு கிளாஸ் டீ அவ்வளவு வரும். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7700 கலோரி என்பதால், அந்த நூறே இரண்டரை ஆண்டில் பதினோரு கிலோவாக ஏறியிருக்கிறது. ஏறும்போது தெரியாமல் ஏறியதன் காரணம் இதுதான்.

குறிப்பை மறுபடி படித்தபோது கலோரியைவிட நேரம்தான் என் கண்ணில் பட்டது. ஊர் பசிக்கும் நேரம்தான் எங்களுக்கு வேலை நேரம். பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரையும், ஏழரையிலிருந்து பத்தரை வரையும் ஆர்டர் குவியும். ஊக்கத்தொகையும் அந்த நேரத்தை ஒட்டியே இருப்பதால் அப்போது யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டோம். பசியைத் தள்ளிப்போட டீ, டீயோடு கைக்கு எட்டுகிற வடை, அதையும் மீறிப் பசி முற்றியபின் நாலு மணிக்கு ஒரு பேருணவு, நள்ளிரவில் இன்னொன்று. மிஞ்சிய கலோரியில் பெரும்பகுதி இந்த இரண்டு தாமத உணவுகளில்தான் இருந்தது.

இது புரிவதற்கு முன் நான் ஒரு தவறு செய்தேன். காலையும் மதியமும் எதுவும் உண்ணாமல் டீயோடு நான்கு மணி வரை ஓட்டுவது என்று தொடங்கி மூன்று வாரம் பிடிவாதமாக இருந்தேன். தரமணி சிக்னலில் ஒரு நாள் கண் இருட்டி, வண்டியை ஓரங்கட்டிப் பத்து நிமிடம் நடைபாதையில் உட்கார வேண்டியதாயிற்று. அன்று இரவு ஐந்து பரோட்டா தின்றேன். எடை அரைக் கிலோகூடக் குறையவில்லை. பகலில் சேமித்ததையெல்லாம் இரவில் வட்டியோடு செலவழித்திருக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் இந்த மாதிரிப் பட்டினி கிடந்து வண்டி ஓட்டினால் ஆபத்து இன்னும் பெரிது. அவர்கள் நேரத்தை மாற்றும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

அதன்பின் செய்தது, சாப்பாட்டைப் பசிக்குப் பின்னாலிருந்து கூட்ட நேரத்துக்கு முன்னால் இழுத்துவந்ததுதான். பத்தே முக்காலுக்கு வீட்டில் முழுச் சாப்பாடு: ஒரு கிண்ணத்தை அளவாக வைத்துக்கொண்டு அதில் ஒரு கிண்ணச் சோறு, அதே அளவுக்குக் காய், கெட்டிச் சாம்பார், இரண்டு முட்டை அல்லது குழம்பு மீன். காலை வேளையில் எப்படிச் சோறு இறங்கும் என்று முதல் வாரம் தோன்றியது உண்மை. நள்ளிரவுச் சாப்பாடு சுருங்கியதும் காலைப் பசி தானாக வந்துவிட்டது. மூன்றரைக்கு ஒரு கைப்பிடி உப்புக்கடலையும் ஒரு கொய்யாவும். ஆறேகாலுக்கு, கூட்டம் தொடங்கும் முன், ஏதாவது ஒரு இட்லிக் கடையில் மூன்று இட்லியும் சாம்பாரும், அல்லது வீட்டிலிருந்து கொண்டுபோன சுண்டல். இரவு வீட்டில் இரண்டு தோசையும் ஒரு முட்டையும், அல்லது கொஞ்சம் மோர்ச் சோறு. எல்லாம் சேர்த்து 2000 கலோரியை ஒட்டி நின்றது.

எழுத்தில் எளிதாகத் தெரியும் இந்த ஏற்பாடு, வண்டிப் பையில்தான் முதலில் தோற்றது. தேங்காய் துருவிப் போட்ட கொண்டைக்கடலைச் சுண்டலை என் மனைவி காலை பத்து மணிக்குக் கட்டிக் கொடுத்தார். ஆறு மணிக்கு மூடியைத் திறந்தால் புளித்த வாடை வந்து, கடலையைத் தொட்டால் விரலில் கொழகொழவென்று ஒட்டியது. சூடான ஆர்டர்களோடு ஒரே பையில் எட்டு மணி நேரம் கிடந்தால் வேறென்ன ஆகும்? தேங்காயை விட்டோம், தண்ணீரைச் சுத்தமாக வடித்து வாணலியில் ஈரம் போக வதக்கி, ஆறவைத்து டப்பாவை மூடினோம். அப்படியும் மாசி வரைதான் தாங்கியது. பங்குனி, சித்திரை, வைகாசியில் பைக்குள் வைக்க உப்புக்கடலை, வேர்க்கடலை, தோல் உரிக்காத பழம் தவிர வேறெதையும் நான் நம்புவதில்லை. வேர்க்கடலையில் மட்டும் ஒரு எச்சரிக்கை: நூறு கிராம் ஏறத்தாழ 570 கலோரி. சிக்னலுக்குச் சிக்னல் கொறித்தால் ஒரு பரோட்டாவையும் கடந்துவிடுவோம். ஆகவே காகிதத்தில் ஒரு பிடி மட்டும் மடித்து எடுத்துச் செல்கிறேன்.

டீயை விடுவது நான் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. அதன் காரணம் டீயில் இல்லை, கழிப்பறையில் இருந்தது. எங்கே ஒதுங்குவது என்ற கவலையில் நாங்கள் பலர் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறோம். தாகம் எடுத்தால் ஒரு டீ குடிக்கிறோம். அந்தத் தாகத்தையே பல சமயம் பசி என்று எடுத்துக்கொண்டு வடையைக் கடிக்கிறோம். என் வட்டாரத்தில் எந்தெந்தப் பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை திறந்திருக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்ட பிறகுதான் என்னால் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க முடிந்தது. ஐந்து டீ மூன்றாயிற்று. சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தாமல், முதல் மாதம் ஒரு கரண்டி, பிறகு அரை என்று குறைத்தேன். "என்னண்ணே, சுகரா?" என்று டீ மாஸ்டர் கேட்டார். "இன்னும் இல்லை தம்பி" என்றேன். வெயிலில் உடம்பு தளர்ந்தால் உப்புப் போட்ட மோர் அல்லது உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. ரோஸ் மில்க்கும் குளிர்பானமும் டீயைவிட அதிகச் சர்க்கரை என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

சித்திரையில் ஒரு வாரம் எடை இரண்டு கிலோ இறங்கியது. பெருமையோடு எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் அந்த வாரம் மாலையானால் தலைவலி, சிறுநீர் கடுமஞ்சள், உதடு வெடிப்பு. இரண்டு நாள் ஒழுங்காகத் தண்ணீர் குடித்ததும் ஒன்றரைக் கிலோ திரும்பி வந்துவிட்டது. போனது கொழுப்பு அல்ல, வியர்வை. அன்றிலிருந்து தினமும் எடை பார்ப்பதை விட்டுவிட்டு, ஞாயிறு காலை கழிவறை போய்வந்தபின் ஒரு முறை மட்டும் பார்க்கிறேன். நான்கு வாரத்துக்கு ஒரு முறை இடுப்பையும் அளக்கிறேன். எடை ஆடினாலும் நாடா பொய் சொல்லவில்லை.

பரோட்டாவை நான் முழுதாக விடவில்லை. மழை நாளில் கூடுதல் ஊக்கத்தொகைக்காக ஒரு மணி வரை ஓட்டிவிட்டு வரும்போது வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். திறந்திருப்பது பரோட்டாக் கடை மட்டும். அப்படிப்பட்ட இரவுகளில் இரண்டு பரோட்டா, சால்னா ஊற்றாமல் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ள மட்டும், கூடவே இரண்டு அவித்த முட்டை. மேலே மிதக்கும் எண்ணெயை வாங்காமல் அடியிலிருந்து எடுத்துத் தரச் சொல்வேன். ஆறேகாலுக்கு இட்லி சாப்பிட்ட நாளில் இரண்டோடு கை நிற்கிறது. அதைத் தவறவிட்ட நாளில் நிற்பதில்லை. இதைப் பத்துப் பதினைந்து முறையாவது சோதித்துவிட்டேன்.

இதைப் பார்த்துவிட்டு என் மச்சானும் ஒரு கிண்ணச் சோற்றுக்கு மாறினார். நான்கே நாளில் சாந்துச் சட்டியைத் தூக்கும்போது கை நடுங்குகிறது என்றார். சுமை தூக்கும் உடம்புக்குச் சோற்றைக் குறைத்தது தவறு. பகல் சோற்றைப் பழையபடி ஆக்கி, ஒரு நாளைக்கு ஐந்து டீயின் சர்க்கரையையும் மாலையில் சாப்பிடும் போண்டாவையும் மட்டும் நிறுத்தச் சொன்னேன். அவருக்கு மூன்று மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது, கையும் நடுங்கவில்லை.

ஆவணி முடிவில் எனக்கு எடை 77, இடுப்பு 92, வெறும் வயிற்றுச் சர்க்கரை 98. ஏழு மாதத்தில் ஒன்பது கிலோ. வாரத்துக்குச் சுமார் 300 கிராம். கடைசி ஐந்து வாரமாக எடை அசையவில்லை. உடல் சிறுத்ததால் தேவையும் குறைந்திருக்கும் என்றும், வீட்டில் தோசைக்கு ஊற்றும் எண்ணெயை இதுவரை நான் எண்ணவே இல்லை என்றும் மருத்துவர் சுட்டிக்காட்டினார். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. இந்த வாரத்திலிருந்து எண்ணெய்க் குப்பியின் பக்கத்தில் ஒரு தேக்கரண்டியை வைத்திருக்கிறோம்.