ஐகன் மதிப்பு கிடைத்த பிறகு: ஐகன் வெளியின் அடுக்களத்தைக் காண்பதில் நான் இழந்த மதிப்பெண்களும் அவை கற்றுத்தந்த முறையும்

நேரியல் இயற்கணிதத் தேர்வு ஒன்றில் கீழ்க்கண்ட அணியைக் கொடுத்து, ஐகன் மதிப்பு 2-க்கு உரிய ஐகன் வெளியின் அடுக்களத்தைக் காணுமாறு கேட்டிருந்தார்கள்.

```
B = | 2  3  -1 |
    | 0  2   4 |
    | 0  0   5 |
```

மேல் முக்கோண அணி என்பதால் ஐகன் மதிப்புகள் மூலைவிட்டத்திலேயே தெரிந்தன: 2, 2, 5. மூலைவிட்டத்தில் 2-ஐக் கழித்துச் சமன்பாடுகளை எழுதியபோது `3y - z = 0`, `4z = 0`, `3z = 0` என்று வந்தது. எந்தச் சமன்பாட்டிலும் x இல்லை என்பதைக் கண்டு, அப்படியானால் x பூச்சியம்தான் என்று முடிவு கட்டினேன். y, z இரண்டும் ஏற்கெனவே பூச்சியமாகிவிட்டதால் விடை பூச்சிய வெக்டராக வந்து நின்றது. ஐகன் வெக்டர் பூச்சியமாக இருக்கக் கூடாது என்பது நினைவுக்கு வரவே அதை அடித்துவிட்டு, 2 என்ற மூலம் இருமுறை வருவதால் இரண்டு வெக்டர்கள் இருந்தாக வேண்டும் என்று எண்ணி, (1, 0, 0), (0, 1, 0) என்று எழுதி வைத்தேன். திருத்திய விடைத்தாளில் இரண்டாம் வெக்டருக்கு எதிரே, "பெருக்கிப் பார்த்தீர்களா?" என்ற ஒற்றை வரி இருந்தது. பெருக்கிப் பார்த்தால் B அதை (3, 2, 0) ஆக்குகிறது. அது (0, 1, 0)-இன் மடங்கே அல்ல.

அந்த ஒரு விடையில் இரண்டு தனித்தனிப் பிழைகள் இருந்தன. இரண்டுக்கும் வேர் ஒன்றே: எத்தனை வெக்டர்கள் வர வேண்டும், எவை பூச்சியமாக வேண்டும் என்பதைச் சமன்பாட்டுத் தொகுதியிடம் கேட்காமல் நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

ஐகன் மதிப்பு λ தெரிந்த பின் எஞ்சியிருப்பது `(A - λI)x = 0` என்ற சமபடித்தான தொகுதியைத் தீர்ப்பது மட்டுமே. அதன் தீர்வுகள் அனைத்தும் சேர்ந்த தொகுப்பு, அதாவது A - λI என்ற அணியின் பூச்சிய வெளி, அதுவே ஐகன் வெளி. இதில் λ கழிக்கப்படுவது மூலைவிட்ட உறுப்புகளிலிருந்து மட்டும்தான். ஐகன் மதிப்பு -2 என்றால் மூலைவிட்டத்தில் 2-ஐக் கூட்ட வேண்டும். இதைவிட நுட்பமான தவறு ஒன்றும் உண்டு. சிலர் முதலில் A-ஐயே நிரைச் செயல்களால் எளிமையாக்கிவிட்டு, அதன் பிறகு λ-வைக் கழிக்கிறார்கள். நிரைச் செயல்கள் தீர்வுகளை மாற்றுவதில்லை, ஆனால் ஐகன் மதிப்புகளை மாற்றிவிடும். அணிக்கோவை பூச்சியமாக இல்லாத எந்தச் சதுர அணியையும் நிரைச் செயல்களால் அலகு அணியாகவே ஆக்கிவிடலாம். அலகு அணிக்கோ 1-ஐத் தவிர வேறு ஐகன் மதிப்பே கிடையாது. ஆகவே முதலில் கழித்தல், பிறகே ஒடுக்குதல்.

இனி, நான் பயிற்சிக்குப் பலமுறை போட்டுப் பார்த்த கணக்கு ஒன்றை முழுமையாகக் காட்டுகிறேன்.

```
A = | 4  -2  2 |
    | 2  -1  4 |
    | 1  -2  5 |
```

இதன் ஐகன் மதிப்புகள் 3, 3, 2. λ = 3 என்று எடுத்துக்கொண்டு மூலைவிட்டத்தில் 3-ஐக் கழித்தால் கிடைப்பது:

```
A - 3I = | 1  -2  2 |
         | 2  -4  4 |
         | 1  -2  2 |
```

இரண்டாம் நிரை முதல் நிரையின் இரு மடங்கு. மூன்றாம் நிரை முதல் நிரையேதான். ஒடுக்கியதும் இரண்டு நிரைகள் முழுப் பூச்சியமாகி, `x - 2y + 2z = 0` என்ற ஒரே சமன்பாடு எஞ்சுகிறது. ஏறுபடி வடிவத்தில் ஒரு நிரையில் முதலாவதாக வரும் பூச்சியமற்ற உறுப்பை அந்நிரையின் முன்னணி உறுப்பு என்கிறோம். இங்கே அது முதல் நிரலில் மட்டுமே இருக்கிறது. முன்னணி உறுப்பு இல்லாத நிரல்களுக்கு உரிய y, z இரண்டும் கட்டற்ற மாறிகள். அவற்றுக்கு எந்த மதிப்பையும் தரலாம், x மட்டும் அவற்றைப் பொறுத்து அமையும்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு எண்களைப் போடாமல், தீர்வை முழு வெக்டராக எழுதிக்கொள்வது நல்லது. மறுபக்கம் கொண்டு செல்லும்போது குறி மாறுவதைக் கவனித்து x = 2y - 2z என்று எழுதி, y = y, z = z என்ற இரண்டு வரிகளையும் சோம்பல் படாமல் அதன் கீழே சேர்த்தால், தீர்வு தானாகவே பிரிந்து நிற்கும்:

```
(x, y, z) = (2y - 2z, y, z) = y(2, 1, 0) + z(-2, 0, 1)
```

அடுக்களம் (2, 1, 0), (-2, 0, 1) ஆகிய இரண்டும்தான். இவை நேரியல் சார்பற்றவை என்பதைத் தனியே நிறுவத் தேவையில்லை. y-இன் இடத்தில் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 0. z-இன் இடத்தில் அதற்கு நேர்மாறு. எனவே ஒன்று மற்றொன்றின் மடங்காக இருக்க வழியில்லை. y = y போன்ற வரிகள் வெறும் சடங்கு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன்; உண்மையில் வெக்டரின் எந்த இடத்தில் 1 வரும், எந்த இடத்தில் 0 வரும் என்பதைத் தீர்மானிப்பவை அவைதாம்.

இதே கணக்கைக் குறுக்குப் பெருக்கல் முறையில் போடப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். இரண்டு நிரைகளை எடுத்துக் குறுக்கே பெருக்கி x : y : z விகிதத்தைக் காணும் அம்முறை, எடுத்த இரு நிரைகளும் ஒன்றின் மடங்கு மற்றொன்றாக இல்லாதபோது மட்டுமே பயன்படும். (1, -2, 2), (2, -4, 4) ஆகியவற்றைக் குறுக்கே பெருக்கினால் மூன்று இடத்திலும் பூச்சியமே வரும். அது விடை அன்று. இம்முறை இங்கே செல்லாது என்பதற்கான அறிகுறி. λ = 2 எனும்போதோ அதே முறை வேலை செய்கிறது, ஏனெனில் A - 2I-இன் நிரைகள் (2, -2, 2), (2, -3, 4), (1, -2, 3). இவற்றை ஒடுக்கினால் x - 2y + 3z = 0, y - 2z = 0 என்ற இரண்டு சமன்பாடுகள் எஞ்சும்; z மட்டும் கட்டற்றது; y = 2z, x = z; அடுக்களம் (1, 2, 1) என்ற ஒரே வெக்டர். ஒரு முறை எப்போது செல்லும், எப்போது செல்லாது என்று ஒவ்வொரு தடவையும் யோசிப்பதைவிட, எப்போதும் செல்லும் நிரை ஒடுக்கத்தையே வழக்கமாக்கிக்கொள்வது எனக்கு எளிதாக இருந்தது.

விடைக்குறிப்பில் λ = 3-க்கு (2, 1, 0), (0, 1, 1) என்று இருந்தால் நம் விடை தவறாகிவிடுமா? ஆகாது. (0, 1, 1) என்பது நம் இரண்டு வெக்டர்களின் கூட்டல்தான்; அதை `x - 2y + 2z = 0` என்பதில் போட்டாலும் 0 - 2 + 2 = 0 என்று பொருந்துகிறது. அடுக்களம் பலவாறு அமையலாம், வெளி ஒன்றே. ஒப்பிட வேண்டியவை இரண்டு: வெக்டர்களின் எண்ணிக்கை சமமா, குறிப்பில் உள்ள ஒவ்வொரு வெக்டரும் நாம் கண்ட சமன்பாட்டை நிறைவு செய்கிறதா.

இப்போது B-க்குத் திரும்புவோம். B - 2I-இன் முதல் நிரல் முழுவதும் பூச்சியம். முன்னணி உறுப்புகள் இரண்டாம், மூன்றாம் நிரல்களில் இருக்கின்றன. ஆகவே கட்டற்ற மாறி x. சமன்பாடுகளில் ஒரு மாறி தென்படவில்லை என்றால் அதன்மேல் எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்றே பொருள். அது பூச்சியம் என்று பொருள் அன்று. தீர்வு x(1, 0, 0). அடுக்களம் (1, 0, 0) மட்டும். வெளியின் பரிமாணம் என்பது மாறிகளின் எண்ணிக்கையிலிருந்து A - λI-இன் அணித்தரத்தைக் கழித்தால் வருவது. A-க்கு 3 - 1 = 2, B-க்கு 3 - 2 = 1. இரண்டிலுமே மூலம் இருமுறைதான் வருகிறது, ஆனாலும் வெளியின் அளவு வேறு. மூலம் எத்தனை முறை வருகிறது என்பது பரிமாணத்துக்கு உச்சவரம்பை மட்டுமே தரும். அந்த வரம்பை எட்டியாக வேண்டிய கட்டாயம் இல்லை. இல்லாத இரண்டாவது வெக்டரைத் தேடி நான் கற்பனையில் (0, 1, 0)-ஐ உருவாக்கியது இதை அறியாததால்தான்.

நான் செய்ததற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஒடுக்கி முடித்த பின்னும் ஒரு நிரைகூடப் பூச்சியமாகவில்லை என்றால், λ ஐகன் மதிப்பே அன்று, அல்லது கழித்தலிலோ ஒடுக்கத்திலோ பிழை. ஐகன் மதிப்பு என்றாலே A - λI-இன் அணிக்கோவை பூச்சியம்; எனவே குறைந்தது ஒரு நிரையாவது அழிந்தே தீர வேண்டும். பிழை எதுவும் செய்யாமலே இந்த நிலைக்கு வருபவர்களும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் λ-வைத் தசமத்தில் சுருக்கியிருப்பார்கள். நிரைகள் (1, 2), (3, 4) கொண்ட அணியின் ஐகன் மதிப்புகளில் ஒன்று `(5 + √33)/2`, ஏறத்தாழ 5.372. இதை 5.37 என்று எடுத்துக்கொண்டால் அணிக்கோவை -0.0131 என்று வரும். சிறிய எண்தான், ஆனால் பூச்சியம் அன்று. ஒடுக்கினால் வெளிப்படைத் தீர்வான (0, 0) மட்டுமே மிஞ்சும்.

இத்தகைய கணக்கில் λ-வை எழுத்தாகவே வைத்திருப்பது நல்லது. முதல் நிரை `(1 - λ)x + 2y = 0` என்பதால் (2, λ - 1) ஒரு தீர்வு. இரண்டாம் நிரையில் போட்டால் `6 + (4 - λ)(λ - 1)`, அதாவது `2 - (λ² - 5λ)`. சிறப்பியல்புச் சமன்பாட்டின்படி λ² - 5λ = 2 என்பதால் இது சரியாகப் பூச்சியமாகிறது. வர்க்கமூலத்தைக் கடைசி வரியில்தான் போட வேண்டியிருக்கும்: (2, (3 + √33)/2), அல்லது இரண்டால் பெருக்கி (4, 3 + √33).