திரையைப் படமெடுத்த கேள்வியிலிருந்து ஓர் அடுக்கு எண்ணை மீட்டது

ஏற்காட்டில் பிளஸ் டூ படிக்கும் அக்கா மகள், விளங்காத கேள்விகளைப் படமெடுத்து எனக்கு அனுப்புவாள். சேலத்தில் உட்கார்ந்து அந்தப் படங்களைத் தெளிவாக்குவது இப்போது எனக்கு மாலை வேலையாகிவிட்டது. தாளில் இருந்து எடுத்தவை பெரும்பாலும் பக்கவாட்டில் படுத்திருக்கும். கணினித் திரையில் இருந்து எடுத்தவற்றில் வானவில் கோடுகள் அலை அலையாக ஓடும்.

படுத்திருக்கும் படம் சின்ன விஷயம்தான். போன் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்பதை அதிலுள்ள உணரி, புவியீர்ப்பின் திசையை வைத்துக் கணிக்கிறது. மேசையில் கிடக்கும் தாளுக்கு நேர் மேலே போனைக் கிடையாகப் பிடித்தால் ஈர்ப்பு திரைக்குச் செங்குத்தாகப் போய்விடும். நான்கு பக்கமும் அதற்கு ஒன்றாகத் தெரிவதால், கடைசியாக இருந்த நிலையையே எழுதி வைத்துவிடும். கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று, exiftool-உம் ImageMagick-உம் நிறுவிய கணினியின் கட்டளை வரியில் இப்படிப் பார்க்கலாம்:

```
exiftool -n -Orientation kelvi.jpg
magick kelvi.jpg -rotate 90 kelvi.png
```

முதல் வரி 6 என்று காட்டினால், படத்தைக் கடிகாரத் திசையில் 90 பாகை திருப்பிக் காட்டு என்று பொருள். 1 என்று காட்டியும் எழுத்து படுத்தே கிடந்தால் உணரி தவறாகக் கணித்திருக்கிறது, இரண்டாவது வரியால் நாமே திருப்ப வேண்டியதுதான். 90, 180 பாகைத் திருப்பலில் பிக்சல்கள் இடம் மட்டுமே மாறும், தெளிவு குறையாது. இரண்டு மூன்று பாகைச் சாய்வை நேராக்குவது அப்படியல்ல. அதில் ஒவ்வொரு பிக்சலும் புதிதாகக் கணக்கிடப்படும் என்பதால், திரையைப் படமெடுத்தவற்றில் அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்கிறேன்.

என்னை அதிகம் இழுத்தது திரையைப் படமெடுத்த கேள்விதான். மழைக்காலத்தில் ஏற்காட்டில் பகலிலேயே மூடுபனி இறங்கி அறை இருட்டிவிடும். அங்கே ஒரு பழைய மானிட்டரில் வந்த மாதிரித் தேர்வில் இருந்து, இயற்பியல் கேள்வி ஒன்றை எடுத்து அனுப்பியிருந்தாள். தேர்வுப் பக்கம் அதற்குள் மூடிவிட்டது, திரும்ப எடுக்க வழியில்லை. இணைத்தட்டு மின்தேக்கி பற்றிய கேள்வி. தட்டின் பரப்பு 5 × 10 என்பது வரை தெரிந்தது. அதன் தலைமேல் இருந்த அடுக்கு எண் கோடுகளுக்குள் மறைந்து கிடந்தது.

கொசுவலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இரண்டிலும் இல்லாத பெரிய வளையங்கள் தெரியுமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. மானிட்டரின் பிக்சல் கட்டம் ஒன்று, கேமராவின் பிக்சல் கட்டம் இன்னொன்று. இரண்டும் மோதிப் பிறக்கும் இந்தக் கோலத்துக்கு மொய்ரே என்று பெயர். படத்தைச் சிறிதாக்கும்போது மூன்றாவதாக ஒரு கட்டம் வந்து சேர்கிறது என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அரட்டைச் செயலியில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வரும். அதே படத்தை ஆவணமாக, அதாவது மூலக் கோப்பாகவே அனுப்பச் சொன்னேன். அகலமான அலைகளில் பெரும்பகுதி அதில் இல்லவே இல்லை, நுண்ணிய வலை மட்டுமே இருந்தது. அலைகள் சுருக்கியபோது பிறந்தவை.

இந்த வித்தியாசம் முக்கியம். நுண்ணிய வலையை மங்கலாக்கி அழிக்கலாம். அகன்ற அலையாக மாறிவிட்டால் அது எழுத்தைவிடப் பெரிதாகிவிடும், எழுத்தை அழிக்காமல் அதை மங்கலாக்க முடியாது. அதனால் முதலில் மங்கலாக்க வேண்டும், அப்புறம்தான் சிறிதாக்க வேண்டும்.

எவ்வளவு மங்கலாக்குவது என்பதை அளந்தே முடிவு செய்யலாம். படத்தை நன்றாகப் பெரிதாக்கி, மானிட்டரின் 10 பிக்சல்கள் படத்தில் எத்தனை பிக்சல் இடம் பிடிக்கின்றன என்று எண்ணினேன். 26 வந்தது, ஆக ஒன்றுக்கு 2.6. அதில் பாதியான 1.3-ஐ, GIMP என்ற படத்திருத்த மென்பொருளில் Gaussian Blur அளவாகக் கொடுத்தேன். அந்த அளவில் வலை கிட்டத்தட்ட முழுதாக மறைந்துவிடும், எழுத்தின் கோடுகள் வெளிறினாலும் மிஞ்சி நிற்கும். மானிட்டர் தன் ஒரு பிக்சலைவிட நுட்பமான எதையும் காட்டியிருக்க முடியாது என்பதால், வலையோடு போவதில் கேள்விக்கு வேண்டியது அதிகம் இல்லை. ஒரேயடியாக 3, 4 என்று ஏற்றினால் தமிழ் எழுத்தில் உடனே தெரிந்துவிடும். முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘தட்டு’ என்பது ‘தடடு’ ஆகிவிட்டால் தசமப் புள்ளியும் கழித்தல் குறியும் கூடப் போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் Desaturate கொடுத்து நிறத்தை எடுத்துவிட்டு, படத்தைப் பாதியாகச் சிறிதாக்கினேன். அடுத்தது திரையின் ஒளிர்வு. நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கியும் இருந்ததால் ஒரே வெட்டில் கறுப்பு வெள்ளையாக்க முடியவில்லை. படம் இருக்கும் Layer-ஐ நகலெடுத்து, மேல் நகலை 40 அளவில் மங்கலாக்கி, அதன் கலப்பு முறையை Divide என்று மாற்றினேன். மேல் நகலில் எழுத்து கரைந்து பின்னணி வெளிச்சம் மட்டுமே நிற்கும். கீழே உள்ள படத்தை அது வகுக்கும்போது பின்னணி எங்கும் ஒரே வெள்ளையாகிவிடும். மிச்சமிருந்த மெல்லிய அலைகளும் இதில் கரைந்தன. கடைசியாக Levels-இல் கறுப்பு முனையை உள்ளே இழுத்ததும் கேள்வி முழுக்கப் படிக்கும்படி வந்தது:

“தட்டின் பரப்பு 5 × 10⁻? m², இடைவெளி 1 mm, மின்னழுத்தம் 200 V, இடையில் வெற்றிடம். மின்னூட்டம் எவ்வளவு?”

விடைகள் 2.21, 4.43, 8.85, 17.7, நான்கும் nC. கழித்தல் குறி தெளிவாகிவிட்டது. அதன் பக்கத்து எண் 2, 3, 8 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம் போல நின்றது.

இதற்கு மேல் படத்தை நோண்டிப் பயனில்லை, கணக்கைக் கேட்க வேண்டியதுதான். அடுக்கு −3 என்றால் மின்தேக்குத்திறன் 8.85 × 10⁻¹² × 5 × 10⁻³ ÷ 10⁻³, அதாவது 4.425 × 10⁻¹¹ F. 200-ஆல் பெருக்கினால் 8.85 nC, விடைகளில் இருக்கிறது. −2 என்றால் 88.5 nC, இல்லை. −8 என்றால் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அப்படி ஒரு தட்டை யாரும் கேள்வியில் வைக்கமாட்டார்கள். ஆகவே 3. அவளுக்கு எழுதி அனுப்பியபோது அந்த 3-ஐ மட்டும் வட்டமிட்டு, “இது படித்தது இல்லை, கணக்கிட்டது” என்று குறித்தேன். விடைகளில் 88.5-உம் இருந்திருந்தால் இந்த வழி எதையும் முடிவு செய்திருக்காது.

அதே நாளில் எடுத்த இன்னொரு படத்தை மீட்க முடியவில்லை. இருட்டு அறைக்கு ஏற்ப கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டதில் திரையின் வெள்ளை பொங்கி மெல்லிய கோடுகளைத் தின்றிருந்தது. Histogram-ஐத் திறந்தால் எல்லாம் வலது கோடியில் 255-இல் குவிந்து கிடந்தது. மொய்ரேயில் எழுத்து கோலத்தோடு கலந்து கிடப்பதால் பிரித்தெடுக்கலாம். இங்கே எழுத்து பதிவாகவே இல்லை.

இப்போது அவளிடம் சொல்லி வைத்திருப்பது இதுதான்: திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறை, திரையின் வெள்ளைப் பகுதியைத் தொட்டுக் கேமரா வெளிச்சத்தை இறக்கு, முழுத் திரையையும் எடுக்காமல் நெருங்கிப் போய்க் கேள்வியை மட்டும் இரண்டு படமாக எடு, ஆவணமாக அனுப்பு. “சரி மாமா” என்று அவள் அடுத்து அனுப்பியதில் மானிட்டரின் ஒரு பிக்சலுக்குப் படத்தில் 5 பிக்சல் கிடைத்தது. வலை கண்ணுக்குத் தெரிந்தாலும் அலை எதுவும் இல்லை. 2.5 அளவில் மங்கலாக்கியதே போதுமானதாக இருந்தது, அடுக்கு எண்கள் எல்லாவற்றையும் நேரடியாகவே படிக்க முடிந்தது.