‘இயக்குநர்’ போய் டெய்லர் வந்த கதை

பேரணாம்பட்டுப் பக்கம் ஷூவின் மேல்பாகம் தைக்கிற சின்ன யூனிட் ஒன்றில் ஆள் எடுப்பது என் வேலை. ஒரு புது ஆர்டருக்கு 12 பேர் தேவைப்பட்டார்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி வைத்திருந்த விளம்பரத்தையே ஒட்டினோம்: “தையல் இயந்திர இயக்குநர்கள் தேவை. 18–30 வயது, திருமணமாகாத, சுறுசுறுப்பான பெண்கள் மட்டும். தகுதிக்கேற்ப ஊதியம். புகைப்படத்துடன் நேரில் வரவும்.”

இரண்டு வாரத்தில் வந்தது நாலு பேர்.

கேன்டீன் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். “என்னா தம்பி, சினிமா கம்பெனியா?” சரி, அது டெய்லர் என்று மாறியது. இங்கே தைப்பவரை ஆணோ பெண்ணோ டெய்லர் என்றுதான் சொல்வார்கள்.

அடுத்த வரிக்கு அவர் சிரிக்கவில்லை. “கல்யாணமாகாத புள்ளைக்கு என்னா தையல் தெரியும்? நல்லா தைக்கிறவங்க புள்ள பொறந்ததும் வீட்டுல நின்னவங்கதான்.” உண்மை. பத்து வருஷம் மிஷினில் உட்கார்ந்தவர்களை நாங்களே வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தோம்.

‘பெண்கள் மட்டும்’ என்பதை எடுக்க மேனேஜர் தயங்கினார். ஒரே வேலைக்கு ஆள் எடுக்கும்போது பாலினப் பாகுபாடு கூடாது என்று 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில் இருப்பதைக் காட்டினேன். தமிழில் இதற்குச் சிரமமே இல்லை. ‘தைக்கத் தெரிந்தவர்கள்’ என்றால் ஆண், பெண், திருநங்கை எல்லாரும் அதில் வந்துவிடுவார்கள்.

‘மாற்றுத்திறனாளிகளை வரவேற்கிறோம்’ என்று சேர்க்க ஆசைப்பட்டேன், பிறகு அடித்துவிட்டேன். சிலருக்கு அது வெறும் மரியாதைப் பேச்சாகப் படும். அதற்குப் பதிலாக இடத்தைப் பற்றியே எழுதினேன். கடைசியில் ஒட்டியது இதுதான்:

“ஷூ தைக்க டெய்லர்கள் தேவை. மிஷினில் தைக்கத் தெரிந்தவர்கள் யாரும் வரலாம். 18 வயது முடிந்திருக்க வேண்டும். இடையில் வேலையை விட்டவர்களும் வரலாம். உட்கார்ந்து செய்யும் வேலை. தையல் பிரிவு தரைத் தளத்தில் இருக்கிறது. காலை 8.30 முதல் மாலை 5.30 வரை. பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டு. குடியாத்தம், மேல்பட்டியிலிருந்து கம்பெனி வண்டி உண்டு. போட்டோ வேண்டாம்.”

கீழே சம்பளத்தையும் போட்டோம், பிடித்தம் போகக் கையில் வரும் தொகையாக. மேனேஜருக்கு அதில் இன்னும் வருத்தம்தான். பக்கத்து யூனிட்காரர்கள் பார்ப்பார்களாம்.

இந்த முறை 19 பேர் வந்தார்கள். ஆண்கள் மூன்று பேர், நாற்பதைத் தாண்டிய பெண்கள் ஐந்து பேர். அப்புறம்தான் கேட்டில் கொடுத்த படிவத்தைக் கவனித்தேன். ‘முழு முகவரி’ என்ற இடத்தில் சிலர் பேனாவை நிறுத்திவிட்டார்கள். இந்த ஊர்களில் காலனி பெயரோ தெருப் பெயரோ எழுதினால் சாதியைச் சொன்ன மாதிரிதான். விளம்பரத்தைத் திருத்திய எனக்குப் படிவம் கண்ணில் படவே இல்லை. அன்று மத்தியானமே அந்த வரியை அடித்துவிட்டு, “எந்த ஸ்டாப்பில் வண்டி ஏறுவீர்கள்?” என்று எழுதி ஜெராக்ஸ் எடுத்தோம். முகவரியை வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆபீசில் வாங்கிக்கொள்கிறோம்.